‘திரு’வைக் கழற்றிப் பாருங்கள்

வானொலியில் என் காலை நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்களிடம் பேச்சு நீண்டால் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “உங்க பூர்வீகம் எந்த ஊருங்க?” வயதானவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். என் வயதுக்காரர்கள் “இருங்க, அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்பார்கள். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்: “திருச்சி பக்கம்னு சொல்லு.” இன்னொரு வீட்டில் “திருத்துறைப்பூண்டி”, மற்றொரு வீட்டில் “திருவண்ணாமலை”. இப்படிக் கேட்டுக் கேட்டே எனக்கு ஊர்ப்பெயர்களின் மேல் ஆசை வந்தது. ஏன் இத்தனை ‘திரு’? அந்தத் ‘திரு’வுக்குப் பின்னால் நிற்கும் பெயர் என்ன?

‘திரு’ என்றால் செல்வம், அழகு, மேன்மை, திருமகள் என்று அகராதி சொல்லும். நம் கல்யாணப் பத்திரிகைகளில் மாமா பெயருக்கு முன்னால் போடுகிறோமே, அதே மரியாதைச் சொல்தான். ஆளுக்குப் போடுவதுபோல ஊருக்கும் போட்டிருக்கிறார்கள். ஆனால் எல்லா ஊருக்கும் போடவில்லை. சோழர்களின் தலைநகரான தஞ்சாவூர் முன்னால் ‘திரு’ இல்லை. மதுரைக்கும் இல்லை. மதுரைக்குள் இருக்கும் கோயிலுக்கு உண்டு; அதன் பழைய பெயர் திருவாலவாய். ஊரின் அளவையோ அரசனின் பலத்தையோ பார்த்து ‘திரு’ வருவதில்லை. அங்கே இருக்கும் சாமியைப் பார்த்து வருகிறது. அதனால்தான் பத்துத் தெருகூட இல்லாத கிராமம் ஒன்று ‘திரு’வோடு நிற்கும், பக்கத்திலுள்ள பெரிய பட்டணம் வெறும் பெயரோடு இருக்கும்.

இந்த மரியாதை பரவியதற்கு ஆழ்வார்களும் நாயன்மார்களும் பெரிய காரணம். அவர்கள் ஊர் ஊராக நடந்து பாடிய இடங்கள் பாடல் பெற்ற தலங்கள் ஆயின. வைணவர்கள் அவற்றை 108 திவ்ய தேசங்கள் என்று எண்ணி வைத்தார்கள். சைவர்களிடமும் அதுபோன்ற நீண்ட பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல்களில் பெரும்பாலான பெயர்களுக்கு முன்னால் ‘திரு’ இருக்கும். ஆனால் பதிகங்களுக்குள் போய்ப் பார்த்தால் பாதி இடங்களில் ஊர் வெறும் ஆரூராக, ஐயாறாக, நள்ளாறாகத்தான் நிற்கிறது. ‘திரு’ என்பது ஊர் உடுத்திக்கொண்ட பட்டு அங்கவஸ்திரம். அதை மெல்ல எடுத்துப் பக்கத்தில் வைத்தால் ஊர் தெரியும்.

எடுத்து வைப்பதற்கு நம் பள்ளிக்கூட இலக்கணமே போதும். ‘திரு’வுக்கு அடுத்து க, ச, த, ப வந்தால் இடையில் அந்த ஒற்று மிகும். திரு, கழுக்குன்றம் சேர்ந்தால் திருக்கழுக்குன்றம். திரு, செந்தூர் சேர்ந்தால் திருச்செந்தூர். தணி திருத்தணி ஆகும். பதி திருப்பதி ஆகும். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் இடையில் ஒரு ‘வ்’ நுழையும். ஆரூர் திருவாரூர் ஆகும். ஐயாறு திருவையாறு ஆகும். அல்லிக்கேணி திருவல்லிக்கேணி ஆகும். சென்னையில் நாம் சாதாரணமாகக் கடந்துபோகும் திருவல்லிக்கேணியை இப்படிப் பிரித்தால் அல்லி பூத்த ஒரு கேணி கண்ணில் தெரிகிறது. ‘டிரிப்ளிகேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது அல்லியும் இல்லை, கேணியும் இல்லை.

இதில் வழுக்கிவிடும் இடமும் உண்டு. ‘திரு’வுக்குப் பின்னால் வரும் ‘வ’ எப்போதும் இடையில் நுழைந்ததாக இருக்காது. திருவிடைமருதூரில் ஊர் இடைமருதூர், ‘வ்’ விருந்தாளி. திருவேங்கடத்தில் மலையே வேங்கடம், ‘வ்’ வீட்டுக்காரர். எழுத்தைப் பார்த்து மட்டும் இதைச் சொல்ல முடியாது. பழைய பாட்டில் அந்த ஊர் ‘திரு’ இல்லாமல் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் எங்கள் குடும்பத்தை எப்படிச் சுற்றவிட்டது என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் திருச்சிக்குப் போவோம். இங்கிருந்து விமானத்தில் போகிறவர்களில் பலர் முதலில் கால் வைக்கும் ஊர் அதுதான். முழுப்பெயர் திருச்சிராப்பள்ளி. இந்தப் பெயருக்குச் சொல்லப்படும் கதை நமக்குத் தெரிந்ததுதான். திரிசிரன் என்று ஓர் அரக்கன். ‘திரி’ என்றால் மூன்று, ‘சிரம்’ என்றால் தலை. மூன்று தலை உடைய அந்த அரக்கன் இந்த மலையில் சிவனை வழிபட்டான், அதனால் அவன் பெயரே ஊருக்கு வந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. குழந்தைகளுக்கு மூன்று தலை அரக்கன் என்றால் கொண்டாட்டம்.

இப்போது ஒற்றைக் கவனியுங்கள். அரக்கன் பெயரிலிருந்து வந்திருந்தால் ‘திரிசிரா’ என்று நிற்க வேண்டும். நம்மிடம் இருப்பதோ ‘திருச்சிரா’. அந்த ‘ரு’வும் ‘ச்’சும் இது ‘திரு’ சேர்ந்த பெயர் என்று சொல்கின்றன. ‘திரு’வை எடுத்தால் மிச்சம் சிராப்பள்ளி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்த மலையைப் பாடியபோது சொன்ன பெயரும் சிராப்பள்ளிதான்.

அப்படியானால் சிரா என்பது என்ன? மலைக்கோட்டைக்கு இரண்டு முகங்கள் உண்டு. நாம் படியேறிப் போய்த் தாயுமானவரையும் உச்சிப் பிள்ளையாரையும் கும்பிடும் முகம் ஒன்று. பாறையின் பின்பக்கத்தில் இயற்கையான குகை ஒன்று இருக்கிறது. அதன் தரையில் படுப்பதற்காக வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் உள்ளன. சமண முனிவர்கள் தங்கிய இடம் அது. அங்கே பழைய எழுத்தில் வெட்டியிருக்கும் பெயர்களில் ஒன்றைக் கல்வெட்டு அறிஞர்கள் ‘சிரா’ என்று படித்திருக்கிறார்கள். அங்கே தங்கியிருந்த ஒரு துறவியின் பெயராக அது இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ‘பள்ளி’ என்ற சொல்லுக்கும் அந்தக் காலத்தில் முனிவர்கள் தங்கும் இடம் என்ற பொருள் இருந்தது. துறவிகள் தங்கிய இடத்தில் பாடமும் நடந்ததால் பள்ளி பிறகு படிக்கும் இடமாயிற்று. நாம் இன்று தமிழ்ப்பள்ளி என்று சொல்வதும், பள்ளிவாசல் என்று சொல்வதும் அந்த ஒரே சொல்லைத்தான். இப்படிப் பார்த்தால் சிராப்பள்ளி என்பது சிரா என்பவர் தங்கிய பள்ளி.

அதே பாறையில் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் சிவனுக்கு ஒரு குகைக்கோயில் குடைந்தான். அந்தக் குகையின் சுவரில் பிற்காலத்தில் ஒரு நூறு பாட்டுக்கு மேல் உள்ள அந்தாதி முழுவதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் சிராமலை அந்தாதி. அங்கேயும் மலை, சிராமலைதான். மூன்று தலைக்காரர் அதற்குப் பிறகுதான் முன்வரிசைக்கு வருகிறார். காலப்போக்கில் சிரா யார் என்பது மறந்துபோயிருக்க வேண்டும். ‘சிரா’ காதில் ‘சிரம்’ போல விழுந்தது. ‘திரு’ காதில் ‘திரி’ போல விழுந்தது. கதை தானாகப் பிறந்தது. பிறந்த கதை திரும்பிப் போய்ப் பெயரையே மாற்றியது. ஊரைத் திரிசிரபுரம் என்றும் எழுதத் தொடங்கினார்கள். உ.வே.சாமிநாதையரின் ஆசிரியரைத் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்றுதான் புத்தகங்கள் குறிப்பிடும்.

பெயர் ஒரு கதையைப் பெற்றது, கதை இன்னொரு பெயரைப் பெற்றது. ஆங்கிலேயர்கள் டிரிச்சினாப்பொலி என்றார்கள். நாம் வேலை மிச்சம் என்று திருச்சி என்று நிறுத்திக்கொண்டோம். யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. திருநெல்வேலிக்காரர்கள் ‘திரு’வை விட்டுவிட்டு நெல்லை என்று ஊரை வைத்துக்கொண்டார்கள். திருச்சிக்காரர்கள் ஊரை விட்டுவிட்டு ‘திரு’வை வைத்துக்கொண்டார்கள். ‘திருச்சி’யில் மிஞ்சியிருப்பது அங்கவஸ்திரமும் ஒரே ஓர் எழுத்தும்தான்.

இதே ஒற்றுச் சோதனையை இலங்கையின் திருகோணமலைக்கு வைத்தால் விடை இவ்வளவு சுலபமாக வராது. சம்பந்தர் அந்தத் தலத்தைக் கோணமாமலை என்று பாடியிருப்பதால் ‘திரு’வும் ‘கோணமலை’யும் சேர்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அப்படியானால் திருக்கோணமலை என்று ‘க்’ வர வேண்டும். நாம் எழுதுவதோ பெரும்பாலும் திருகோணமலை. ‘திரிகோணம்’, அதாவது மூன்று கோணம், என்ற பொருளும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. எழுத்து ஒருபக்கம் இழுக்கிறது, பழைய பாட்டு ஒருபக்கம் இழுக்கிறது. இலக்கணம் நல்ல துணை. ஆனால் தனியாக அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது.

‘திரு’ ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர்களைவிட அது காணாமல்போன பெயர்கள் இன்னும் சிரமம். வேதாரண்யத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் உப்பு எடுத்த ஊர் என்று நமக்குத் தெரியும். தேவாரத்தில் வேதாரண்யம் என்று தேடினால் அந்த ஊர் கிடைக்காது. அங்கே அதன் பெயர் திருமறைக்காடு. மறை என்றால் வேதம், காடு என்றால் ஆரண்யம். யாரோ சொல்லுக்குச் சொல் வடமொழியில் மாற்றியிருக்கிறார்கள். மாற்றும்போது ‘திரு’ வழியில் விழுந்துவிட்டது. விருத்தாசலமும் அப்படித்தான். பழைய பெயர் முதுகுன்றம். முதுமைக்கு விருத்தம், குன்றுக்கு அசலம்.

மறைக்காட்டின் கதை அழகானது. வேதங்களே இந்தக் கோயிலில் சிவனை வழிபட்டுவிட்டுக் கதவைச் சாத்திப் போய்விட்டன. அதன் பிறகு அந்தக் கதவை யாராலும் திறக்க முடியவில்லை. ஊரார் பக்கத்தில் வேறொரு வாசல் வைத்துப் போய்வந்தார்கள். அப்பரும் சம்பந்தரும் சேர்ந்து வந்தபோது அப்பர் பதிகம் பாடிக் கதவைத் திறந்தார். சம்பந்தர் பாடி மூடினார். அப்பர் நெடுநேரம் பாடிய பிறகே கதவு திறந்தது. சம்பந்தருக்கோ உடனே மூடியது. அதை நினைத்து அப்பர் மனம் வருந்தினார் என்று பெரிய புராணம் சொல்கிறது. எனக்குக் கதவு திறந்ததைவிட அந்த வருத்தம் பிடிக்கும். பெரியவர்களுக்கும் அப்படி ஒரு நொடி வருகிறது.

இந்தக் கதை முழுவதும் ‘மறை’ என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. அந்தச் சொல்லில் வல்லின ‘ற’ இருப்பதால் வேதம். அங்கே இடையின ‘ர’ இருந்தால்? ‘மரை’ என்பது மான் வகை. முதலில் இது மரைக்காடாக, மான்கள் மேய்ந்த காடாக இருந்து பிறகு மறைக்காடு ஆகியிருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. கல்லில் எழுதி வைத்த ஆதாரம் இல்லை. ஆனால் வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையில் வெளிமான்கள் இன்றும் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. அவற்றுக்காகவே அங்கே ஒரு சரணாலயம் இருக்கிறது. வேதமா, மானா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. வேதாரண்யம் என்று மொழிபெயர்த்துவிட்ட பிறகு அந்தக் கேள்வியையே கேட்க முடியாது என்பதுதான் விஷயம். மறைக்காடு என்று இருக்கும்வரை மான் உள்ளே வர ஒரு வழி இருந்தது. ஆரண்யத்துக்குள் வேதம் மட்டும்தான் போக முடியும்.

இனி எங்கள் வீட்டுக் கதை. அப்பாவுக்கு எழுபது தாண்டியதும் ஓர் ஆசை வந்தது. தன் தாத்தா பிறந்த ஊரில் ஒருமுறை நின்று அவருக்குத் திதி கொடுக்க வேண்டும். முழங்கால் வலி, சர்க்கரை வேறு. ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தாத்தா தோட்டத்துக்கு வந்தபோது எழுதிய பழைய தாள் ஒன்று பெரியப்பா வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. ஊர் என்ற இடத்தில் எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்தால் ‘திருவலூர்’. ‘ல’ ஒன்றுதான். மாவட்டத்தின் பெயர் இருந்த இடத்தில் தாள் மடிந்து மடிந்து ஓட்டை விழுந்திருந்தது.

திருவள்ளூரா, திருவாரூரா? இரண்டுக்கும் இடையே சுமார் 300 கிலோமீட்டர். திருவள்ளூர் சென்னைக்கு மேற்கே. திருவாரூர் காவிரிக் கரை நாட்டில். பெரியப்பா “திருவாரூர்தான். தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினார்னு எங்கப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். நாகப்பட்டினத்துக்குப் பக்கம் திருவாரூர்தானே?” என்று அடித்துச் சொன்னார். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. “கப்பல் எங்க ஏறினா என்னண்ணே? நம்மாளுங்க கங்காணி கூட்டிட்டுப் போன இடத்துல ஏறினாங்க.” அத்தை சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கே கப்பல் ஏறினார் என்பதை வைத்து எங்கே பிறந்தார் என்று சொல்ல முடியாது.

அப்போதுதான் நான் இரண்டு பெயரிலும் ‘திரு’வை எடுத்துப் பார்த்தேன். திருவாரூரில் ஊர் ஆரூர். அதில் சந்தேகமே இல்லை. சுந்தரருக்கு நம்பியாரூரர் என்றே பெயர். அந்தப் பெயருக்குள் ஊர் இருக்கிறது. திருவள்ளூரில்? ‘வள்ளூர்’ என்று பிரித்தால் எங்கும் போய்ச் சேரவில்லை. வள்ளுவர் ஊரோ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆழ்வார் பாட்டில் அந்தத் தலத்தின் பெயர் எவ்வுள். திருவுடன் சேர்ந்து திருவெவ்வுள், ஊர் சேர்ந்து திருவெவ்வுளூர், வாயில் தேய்ந்து திருவள்ளூர். அந்த ‘வ்’ நான் முன்னே சொன்ன விருந்தாளி.

எவ்வுள் என்றால் எந்த இடம், எந்த உள்ளறை என்று கேள்வி. ஊருக்கு ஒரு கேள்வி எப்படிப் பெயரானது என்பதற்குக் கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். சாலிஹோத்திரர் என்ற முனிவர் நெடுநாள் உபவாசம் இருந்து, தை அமாவாசை அன்று அரிசி மாவு சமைத்துப் பெருமாளுக்குப் படைத்துவிட்டு, விருந்தாளி யாராவது வருவார்களா என்று காத்திருந்தார். ஒரு கிழவர் வந்தார். கொடுத்ததைச் சாப்பிட்டார். பசி தீரவில்லை என்றார். முனிவர் தனக்கு வைத்திருந்ததையும் கொடுத்துவிட்டார். அதையும் சாப்பிட்டுவிட்டுக் களைப்பாக இருக்கிறது என்று கிழவர் கேட்டாராம், “எவ்வுள்?” படுக்க எந்த இடம்? முனிவர் தன் இடத்தைக் காட்டினார். வந்தவர் படுத்தார். படுத்தவர் பெருமாள். இன்றும் அந்தக் கோயிலில் அவர் படுத்த கோலத்திலேயே இருக்கிறார். பெயர் வீரராகவர்.

இதைப் படித்துவிட்டு அத்தையிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பாட்டி வெல்லம் கரைப்பாங்களே, ஞாபகம் இருக்கா?” என்றார். எனக்கு ஞாபகம் இருந்தது. எங்களுக்கு உடம்பில் கட்டியோ மருவோ வந்தால் பாட்டி ஒரு வெல்லக்கட்டியை வாளித் தண்ணீரில் போட்டு, “இது கரையற மாதிரி அது கரையட்டும்” என்று சொல்லிச் செடிக்கு ஊற்றுவார். திருவள்ளூர் கோயில் குளத்தில் அப்படி வெல்லம் கரைக்கும் வழக்கம் உண்டு. எனக்குச் சிலிர்த்துவிட்டது. பெரியப்பாவுக்குச் சிலிர்க்கவில்லை. “வைத்தீஸ்வரன் கோயில் குளத்திலேயும் வெல்லம் கரைப்பாங்கம்மா. அது திருவாரூருக்குத்தான் கிட்ட” என்றார். உண்மைதான். வெல்லம் இரண்டு பக்கமும் இனித்தது. அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

முடிவு கிடைத்தது வேறு இடத்தில். எங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயர் தாளில் தெளிவாக இருந்தது: வீரராகவன். அவருடைய பேரன்களில் ஒருவருக்கு அதே பெயர். சின்னத் தாத்தாவின் பெயர் ராகவன். பாட்டிமார் பெயர்களில் கனகவல்லி இரண்டு முறை வருகிறது. திருவள்ளூர்த் தாயாரின் பெயர் கனகவல்லி. திருவாரூர்ப் பக்கத்துக் குடும்பமாக இருந்தால் தலைமுறைக்கு ஒரு தியாகராஜனோ ஒரு கமலாம்பாளோ எட்டிப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையில் ஒருவர்கூட இல்லை. எழுத்தருக்கு ஊரின் பெயரைச் சரியாக எழுத வரவில்லை. ஆனால் தாத்தா தன் பிள்ளைகளின் பெயரில் ஊரை எழுதி வைத்திருந்தார். பெரியப்பா தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, “சரி, போய்ட்டு வாங்க” என்றார். அவர் வாயால் ஒப்புக்கொள்வது என்றால் அவ்வளவுதான்.

அப்பாவை நானும் தம்பியும் தை அமாவாசைக்குத் திருவள்ளூர் கூட்டிப் போனோம். அந்த நாளில் குளக்கரை முழுக்க முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கும் கூட்டம். சொந்தக்காரர் யாரையும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. தேடவும் நேரமில்லை. அப்பா படியில் உட்கார்ந்து தாத்தாவின் பெயரைச் சொன்னபோது, புரோகிதர் நிமிர்ந்து பார்த்து, “நம்ம பெருமாள் பேர்” என்றார். அவருக்கு அது தினமும் நூறு முறை கேட்கும் பெயராக இருக்கலாம். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

இதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்கும் ஆதாரம் இல்லை. வீரராகவன் என்ற பெயர் வேறு ஊர்களிலும் இருக்கும். ஆனால் குடும்பம் ஒன்று தன் ஊரைத் தேடும்போது கிடைப்பவை இப்படிப்பட்ட துண்டுகள்தான். அவற்றில் எது எவ்வளவு எடை தாங்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பழைய தாளில் உள்ள ஆங்கில எழுத்து குறைந்த எடைதான் தாங்கும். ‘ல’, ‘ள’, ‘ர’, ‘ற’ எல்லாம் அதில் ஒன்றோடொன்று கலந்துவிடும். கப்பல் ஏறிய துறைமுகம் அதைவிடக் குறைவு. தலைமுறை தலைமுறையாகத் திரும்பி வரும் ஆட்களின் பெயர் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அந்தப் பெயரும், கோயில் சாமியின் பெயரும், ‘திரு’ கழற்றிய ஊர்ப்பெயரும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஓரளவு நம்பலாம்.

தலபுராணம் ஊர் எப்போது, யாரால் உண்டானது என்று சொல்வதில்லை என்பதும் இப்போது எனக்குப் புரிகிறது. அந்தப் பெயரைப் பிற்காலத்து மக்கள் எப்படிக் கேட்டார்கள் என்று அது சொல்கிறது. சிராப்பள்ளியை மூன்று தலையாகக் கேட்டவர்கள் உண்டு. மறைக்காட்டில் வேதத்தைக் கேட்டவர்கள் உண்டு. எவ்வுள் என்ற பெயரில் களைத்து வந்த ஒரு கிழவரின் குரலைக் கேட்டவர்கள் உண்டு. கதையைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டால் தடுமாறுவோம். கட்டுக்கதை என்று தள்ளிவிட்டால், எங்கள் குடும்பத்துக்கு ‘எவ்வுள்’ என்ற சொல்லே காதில் விழுந்திருக்காது.

என் நிகழ்ச்சியில் இப்போது பூர்வீகம் கேட்கும்போது இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்கிறேன். “ஊர்ப்பேரை உங்க பாட்டி எப்படிச் சொல்வாங்க? அப்படியே சொல்லிக் காட்டுங்க.” தாளில் எழுதியிருப்பது வேண்டாம், கைப்பேசி வரைபடத்தில் இருப்பதும் வேண்டாம். பாட்டியின் வாயில் ‘தின்னவேலி’ என்று வந்தால் அது திருநெல்வேலி. ‘மாயாரம்’ என்று வந்தால் மாயவரம், இன்றைய மயிலாடுதுறை. எழுதிய தாளில் தொலைந்துபோகும் ‘ள’ பேசும் வாயில் பல நேரம் பத்திரமாக இருக்கும். உங்கள் வீட்டில் அப்படிச் சொல்லக்கூடியவர் இன்னும் இருந்தால், இந்த வாரமே கைப்பேசியை நீட்டி ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். அரை நிமிடம் போதும்: ஊர்ப்பெயர், அங்கே இருக்கும் சாமியின் பெயர், அந்தச் சாமியின் பெயரை வீட்டில் யார் யாருக்கு வைத்தார்கள் என்ற விவரம். ஊரைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.